ரெக்கார்ட் செய்த அழைப்பைச் சுவரில் ஒட்டும் தாளாக மாற்றுவது: 80 சென்ட் மக்காச்சோளக் கணக்கு

"அப்பா உடுமலை பக்கம் 80 சென்ட்டில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் போட்டிருக்கிறார், கிணற்றுப் பாசனம், அக்டோபர் 2 விதைப்பு. படைப்புழு தெரிந்ததும் 20ஆம் தேதி கிசான் கால் சென்டருக்கு அழைத்து 11 நிமிடம் பேசினோம். எடுத்துப் பேசிய ஆலோசகரிடம் சொல்லிவிட்டே ரெக்கார்ட் செய்தேன். தேதி, அளவு, எச்சரிக்கை எல்லாம் போட்டு அப்பா சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி அட்டவணை வேண்டும். நான் எழுதிப் பார்த்தது: எமாமெக்டின் லிட்டருக்கு 4 கிராம், 25ஆம் நாள் யூரியா 50 கிலோ, 40ஆம் நாள் ஸ்பைனிடோரம் 6 மில்லி அடிக்க வேண்டும். பதிவையும் அனுப்பியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள்."

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். "லிட்டருக்கு 4 கிராம்" என்ற வரியை இப்போதே கிழித்துப் போடுங்கள். அது பத்து மடங்கு. மற்ற இரண்டு வரிகளிலும் பிழை இருக்கிறது, அவை நாளைக்கே தொந்தரவு தராது. இதை அப்பா இன்று மாலையே கலக்கிவிடக்கூடும்.

நானும் சில ஆண்டுகள் இப்படி அழைப்புகளை எடுத்துப் பதில் சொன்னவன். பேசுகிறவர் சரியாகச் சொல்லி, கேட்கிறவரும் கவனமாகக் கேட்டு, தாளில் ஏறும்போது தவறாகப் போவது எப்படி என்பது உங்கள் மூன்று வரிகளிலும் அப்படியே தெரிகிறது. அதனால் அந்த மூன்றையும் வைத்தே சொல்கிறேன்.

பதிவை நேராக அட்டவணையாக எழுத உட்காராதீர்கள். முதலில் எண் வருகிற இடங்களை மட்டும், அவர் சொன்ன சொல்லிலேயே, நிமிடத்தோடு எழுதுங்கள். சுருக்க வேண்டாம், நல்ல தமிழாக்கவும் வேண்டாம். உங்கள் பதிவில் நான் எடுத்தவை இவை:

3:12. "எமாமெக்டின் பென்சோயேட் அஞ்சு எஸ்ஜி, பாயிண்ட் நாலு கிராம் லிட்டருக்கு, பத்து லிட்டர் டேங்க்னா நாலு கிராம்ங்க."

5:47. "இருபத்தஞ்சாம் நாள் மேலுரம், தழைச்சத்து அம்பது கிலோ ஏக்கருக்கு. அப்புறம் நாப்பத்தஞ்சாம் நாள் இருபத்தஞ்சு."

7:05. "நாப்பது நாள் வாக்குல திரும்பப் புதுசா தெரிஞ்சா ஸ்பைனிடோரம் அடிக்கலாம், அரை எம்எல்."

8:30. அப்பா: "கடைக்காரர் கூட இன்னொண்ணும் சேத்து அடிக்கச் சொல்றாருங்க." அவர்: "வேணாங்கய்யா, ஒண்ணு போதும்."

9:20. "அறுபது நாளுக்கு மேல வந்தா நீங்களா அடிக்காதீங்க, கூப்பிடுங்க."

பதினோரு நிமிடப் பேச்சில் தாளுக்கு வேண்டியது இவ்வளவுதான். மற்றது விசாரிப்பு, மழை, விலை.

இப்போது 3:12ஐப் பாருங்கள். அவர் இரண்டு முறை சொல்கிறார், ஒரு முறை லிட்டருக்கு, ஒரு முறை பத்து லிட்டருக்கு. நீங்கள் முதல் வாக்கியத்திலிருந்து "லிட்டருக்கு" என்பதையும் இரண்டாவதிலிருந்து "நாலு" என்பதையும் எடுத்துச் சேர்த்திருக்கிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. "பாயிண்ட்" என்ற சொல் போனில் மெல்லியதாக விழும், "நாலு" என்பது கனமாக விழும். அதனால் ஓர் அளவை எழுதும்போது எண், அலகு, எவ்வளவு தண்ணீருக்கு என்ற மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே வரியில் எழுத வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் அந்த வரி இன்னும் அளவு ஆகவில்லை, வெறும் எண்தான்.

7:05இல் நடந்தது இன்னும் வேடிக்கை. அவர் சொன்னது "அரை எம்எல்". நீங்கள் எழுதியது 6. ஹெட்போன் போட்டு நாலு முறை கேட்டேன், அரைதான். காற்று இரைச்சலில் அரையும் ஆறும் ஒன்றாகவே கேட்கும். அம்பதும் எம்பதும் அப்படித்தான், இருபதும் அறுபதும் அப்படித்தான். எனக்கே ஒரு முறை நேர்ந்தது. நான் "அரை எம்எல்" என்று சொல்லி, மறுமுனையில் ஆறு என்று எழுதிக்கொண்டு, ஒரு மிளகாய்த் தோட்டத்தில் இலை கருகியது. அதற்குப் பிறகு "அரை" என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "பாயிண்ட் அஞ்சு, அதாவது பத்து லிட்டருக்கு அஞ்சு" என்றுதான் சொல்வேன். உங்களோடு பேசியவர் எமாமெக்டினுக்கு அப்படிச் சொன்னார், ஸ்பைனிடோரத்துக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

காது நம்ப முடியாதபோது கணக்கு காட்டிக்கொடுக்கும். நன்றாக வளர்ந்த மக்காச்சோளத்துக்குக் கைத்தெளிப்பானிலோ பேட்டரித் தெளிப்பானிலோ ஏக்கருக்கு ஏறக்குறைய 200 லிட்டர் கரைசல் என்று வைத்துத்தான் இந்த லிட்டர் அளவுகள் எல்லாம் சொல்லப்படுகின்றன. உங்கள் 80 சென்ட்டுக்கு 160 லிட்டர். லிட்டருக்கு 6 மில்லி என்றால் 960 மில்லி, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் மருந்து. 0.5 என்றால் 80 மில்லி. கடையில் இந்த மருந்து 100 மில்லி அளவுச் சின்னப் புட்டியில் கிடைக்கிறது. 80 சென்ட்டுக்கு அப்படிப் பத்துப் புட்டி வாங்கச் சொல்லும் கணக்கு தவறாகத்தான் இருக்கும். எமாமெக்டினும் அப்படியே. லிட்டருக்கு 4 கிராம் என்றால் 640 கிராம், 0.4 என்றால் 64 கிராம். மொத்தத் தேவையைப் போட்டுப் பார்த்து, லேபிளில் இருக்கும் ஏக்கர் அளவோடு ஒப்பிடுவது ஒவ்வொரு வரிக்கும் செய்ய வேண்டிய வேலை. இரண்டு நிமிடம் பிடிக்கும்.

அடுத்தது 5:47. இங்கே காது சரியாகக் கேட்டிருக்கிறது, பொருள்தான் தவறிவிட்டது. அவர் சொன்னது தழைச்சத்து 50 கிலோ. நீங்கள் எழுதியது யூரியா 50 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து. 50 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் 50ஐ 0.46ஆல் வகுக்க வேண்டும், ஏக்கருக்கு 109 கிலோ யூரியா. 80 சென்ட்டுக்கு 87 கிலோ. உங்கள் வரிப்படி போட்டிருந்தால் பயிருக்கு ஏறக்குறையப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சில் "ரெண்டு மூட்டை" என்று வந்தால் 50 கிலோ மூட்டையாக எடுத்துக்கொள்வது பழக்கம். யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோவாகத்தான் வருகிறது. உங்களுக்கு நல்லவேளை, 87 கிலோ என்பது 45 கிலோ மூட்டை இரண்டில் மூன்று கிலோ குறைவு. 45ஆம் நாளுக்கான 25 கிலோ தழைச்சத்து ஏக்கருக்கு 54 கிலோ யூரியா, உங்களுக்கு 43 கிலோ, அதாவது ஒரு மூட்டையில் இரண்டு கிலோ மீதி.

அம்பதா எம்பதா என்று இங்கும் சந்தேகம் வந்திருக்கலாம். அதையும் கணக்காலேயே தீர்க்கலாம். பாசன வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 250 கிலோ, அதாவது ஏக்கருக்கு 100. அதில் கால் பங்கு அடியுரம், அரைப் பங்கு 25ஆம் நாள், கால் பங்கு 45ஆம் நாள். 25, 50, 25 என்று கூட்டினால் 100 வருகிறது. எம்பது என்று வைத்தால் கூட்டல் இடிக்கிறது. ஒன்று மட்டும் அப்பாவிடம் கேளுங்கள். அடியுரம் போட்டாரா, எவ்வளவு? 5:47க்கு முன்னால் அவர் இதைக் கேட்டபோது அப்பா "போட்டாச்சுங்க" என்று மட்டும் சொல்கிறார். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதில் உள்ள அளவே முதன்மை, இந்த 100 கிலோ அதற்குப் பின்னால்தான்.

எண்களை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 7:05இல் அவர் சொன்னது "திரும்பப் புதுசா தெரிஞ்சா அடிக்கலாம்". உங்கள் தாளில் இருப்பது "40ஆம் நாள் அடிக்க வேண்டும்". "தெரிஞ்சா" காணாமல் போய்விட்டது, "அடிக்கலாம்" என்பது "அடிக்க வேண்டும்" ஆகிவிட்டது. தாளில் தேதி போட்டு ஒரு மருந்தின் பெயரை எழுதினால், புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் மருந்து அடிக்கப்படும். எங்கள் பக்கத்துக் காடுகளில் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கிறதே, அடிக்காமல் எப்படி இருப்பது?

அதனால் நிபந்தனையோடு சொன்ன எதையும் மருந்தடிக்கும் தேதியாக எழுதாதீர்கள். பார்க்கும் தேதியாக எழுதுங்கள். அந்தத் தேதியில் என்ன பார்க்க வேண்டும், எவ்வளவு இருந்தால் அடிக்க வேண்டும் என்று எழுதுங்கள். படைப்புழுவுக்கு இது எளிது. காட்டுக்குள் ஐந்து இடத்தில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் வரிசையாக 20 செடி, மொத்தம் 100 செடி. குருத்தில் புதிதாகச் சுரண்டிய வெண்மையான திட்டோ, ஈரமான மரத்தூள் மாதிரி எச்சமோ உள்ள செடியை எண்ணுங்கள். விரிந்த பழைய இலையில் உள்ள ஓட்டைகளை எண்ணக் கூடாது, அது போன வாரம் தின்றது. முளைத்த முதல் மூன்று வாரம் வரை நூற்றுக்கு 5 செடி, அதற்குப் பிறகு 10 செடி என்பது அடிக்கத் தொடங்கும் அளவு. பதிவில் அப்பா "நூறு செடிக்குப் பத்துப் பன்னண்டு" என்று சொல்கிறார், 18ஆம் நாளில். அதனால் முதல் தெளிப்பு நிபந்தனை இல்லாதது. அதை அவர் "அடிங்க" என்றுதான் சொல்கிறார், "அடிக்கலாம்" என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைக் கேட்டு எழுதுங்கள். "அடிங்க", "அடிக்கலாம்", "அடிச்சா நல்லது", "தேவைப்பட்டா" என்ற நாலும் நாலு வேறு அறிவுரை.

புழு படைப்புழுதானா என்று அப்பாவுக்குச் சந்தேகம் இருந்தால், கொஞ்சம் வளர்ந்த புழுவின் தலையில் கவிழ்த்துப் போட்ட Y மாதிரி வெளிறிய கோடும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருக்கும். இந்தியாவில் 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதலில் பிடிபட்ட பூச்சி இது. நம்மூரில் பெரியவர்களுக்குப் பழகிய தண்டுத்துளைப்பான் வேறு.

"வேணாங்கய்யா" என்பதையும் தாளில் ஏற்றுங்கள். அட்டவணை எழுதுகிறவர்கள் செய்யச் சொன்னதை மட்டும் எழுதுவார்கள். 8:30இல் சொன்னதைக் கடைக்காரர் மறுபடி கேட்கப் போகிறார், அப்பா அங்கே தனியாக நிற்பார். தாளில் "வேறு எதையும் கலக்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றார்" என்று இருந்தால் காட்டிவிட்டு வந்துவிடலாம்.

அப்புறம் டேங்க். அவர் பத்து லிட்டர் டேங்க் என்று எடுத்துக்கொண்டு பேசினார். நீங்கள் எழுதிய இன்னொரு செய்தியில் உங்களுடையது 16 லிட்டர் பேட்டரித் தெளிப்பான் என்று இருக்கிறது. பத்து லிட்டருக்கு 4 கிராம் என்றால் 16 லிட்டருக்கு 6.4 கிராம். 160 லிட்டர் என்பது சரியாகப் பத்து டேங்க். ஸ்பைனிடோரம் வந்தால் டேங்குக்கு 8 மில்லி. பக்கத்துக் காட்டிலிருந்து பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் இரவல் வாங்கி அடிப்பதாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அது பனிபோலத் தூவும், ஏக்கருக்குத் தண்ணீர் மிகக் குறைவாகப் பிடிக்கும். அதற்கான அளவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

6.4 கிராமை எப்படி அளப்பது? மூடியால் அளக்கக் கூடாது. எமாமெக்டின் 5 எஸ்ஜி குருணை வடிவம், ஒரு மூடிக்கு எத்தனை கிராம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் செய்வது இது. ஐந்து டேங்குக்கு வேண்டிய 32 கிராமைச் சின்ன எலக்ட்ரானிக் தராசில் நிறுத்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, சரியாக அரை லிட்டர் ஆகும்படி தண்ணீர் சேர்க்க வேண்டும். அதிலிருந்து டேங்குக்கு 100 மில்லி, ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு ஊற்ற வேண்டும். பத்து டேங்குக்கும் சேர்த்து ஒரே தடவையில் கரைக்காதீர்கள். ஐப்பசியில் மாலை மழை வந்து பாதியில் நின்றால் கரைத்தது வீண், மறுநாளுக்கு வைக்க முடியாது. அந்தத் தராசும் அளவுக் குவளையும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 19 நாள் பயிர் சின்னது. குருத்தைப் பார்த்து அடித்தால் பத்து டேங்க் ஆகாது, ஆறு ஏழிலேயே முடிந்துவிடும். அப்போது மீதி மருந்தை டேங்கில் கூட்டிப் போட்டுக் "கணக்கை முடிக்க" வேண்டாம். டேங்குக்கு 6.4 கிராம் என்பதை மாற்றாமல், மிஞ்சிய பொட்டலத்தை அதன் உறையிலேயே பூட்டி வையுங்கள்.

மருந்தின் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. எமாமெக்டின் 5 எஸ்ஜி என்றும் கிடைக்கிறது, 1.9 இசி என்ற திரவமாகவும் கிடைக்கிறது. இரண்டுக்கும் அளவு வேறு. அதேபோல ஸ்பைனிடோரம் இல்லை என்று கடையில் குளோரான்ட்ரானிலிபுரோல் 18.5 எஸ்சி கொடுத்தால், அது படைப்புழுவுக்குச் சொல்லப்படும் மருந்துதான், ஆனால் அதன் அளவு லிட்டருக்கு 0.4 மில்லி, 0.5 அல்ல. அதே மருந்தோடு இன்னொரு மருந்து சேர்ந்த கலவையும் கிட்டத்தட்ட அதே பெயரில் வருகிறது. தாளில் கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள். வேதிப்பெயர், சதவீதம், வடிவம் மூன்றையும் எழுதுங்கள். கடையில் லேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க அதுதான் வழி. எமாமெக்டினுக்குப் பிறகு ஸ்பைனிடோரம் என்று அவர் சொன்னதற்கும் காரணம் உண்டு. இரண்டும் புழுவை வேறு வேறு விதமாகக் கொல்பவை. முதல் மருந்தில் பிழைத்த புழு இரண்டாவதில் மாட்டும். கம்பெனிப் பெயர் மட்டும் மாறிய அதே எமாமெக்டினை இரண்டாம் முறையும் வாங்கி வந்தால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும்.

பதிவில் இல்லாதவை சில இருக்கின்றன. அவற்றை உங்கள் நினைவிலிருந்தோ என் நினைவிலிருந்தோ நிரப்ப வேண்டாம். காத்திருப்பு நாள், அதாவது கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள், லேபிளோடு வரும் துண்டுத்தாளில் இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். அதே தாளில் மக்காச்சோளம் என்ற பயிரும் படைப்புழுவும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்கும் முன் திரும்ப அழையுங்கள். இன்னொன்று மாட்டுத் தீவனம். பதிவில் பின்னால் மாடு கத்துகிறது, ஆனால் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மக்காச்சோளக் காட்டில் அடி இலை கழித்து மாட்டுக்குப் போடுவது வழக்கம். மருந்தடித்த காட்டில் எத்தனை நாள் இலை ஒடிக்கக் கூடாது என்பதைத் திரும்ப அழைக்கும்போது முதல் கேள்வியாகக் கேளுங்கள். பதில் வரும் வரை ஒடிக்கவே வேண்டாம்.

தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு சின்னக் குறி போடுங்கள். அழைப்பில் வந்ததென்றால் நிமிடம், லேபிளில் பார்த்ததென்றால் "லே", நீங்களே பெருக்கிப் போட்டதென்றால் "க". ஏதாவது தவறு தெரிந்தால் எதைத் திரும்பப் பார்ப்பது என்று தேட வேண்டியதில்லை. நாள் கணக்கை அப்பா எப்படி எண்ணுகிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விதைத்த நாளிலிருந்தா, முளைத்த நாளிலிருந்தா என்பதில் நாலைந்து நாள் மாறிவிடும். அவரோடு பேசும்போது அப்பா "பதினெட்டு நாள் பயிரு" என்றது விதைப்பிலிருந்து, அக்டோபர் 2இலிருந்து 20 வரை. அதனால் நானும் அப்படியே எண்ணியிருக்கிறேன்.

தாள் இப்படி வரும்:

அக்டோபர் 21 மாலை (19ஆம் நாள்). எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி. 16 லிட்டர் டேங்குக்கு 6.4 கிராம் (3:12, க). அதிகபட்சம் 10 டேங்க். வெயில் தாழ்ந்த பிறகு, முனையைக் குருத்துக்கு நேரே பிடித்து. மழை வரும்போல் இருந்தால் மறுநாள். வேறு எதையும் கலக்க வேண்டாம் (8:30).

அக்டோபர் 24. 100 செடி பார்ப்பது. குருத்தைப் பிரித்தால் செத்த புழு, அல்லது அசையாமல் சுருண்ட புழு இருக்க வேண்டும். ஈரமான புது எச்சம் 5 செடியிலோ அதற்கு மேலோ இருந்தால் அடிக்காமல் அழைப்பது.

அக்டோபர் 27 (25ஆம் நாள்). யூரியா 87 கிலோ (5:47, க). களை எடுத்து, செடிக்கு ஓரமாக இட்டு, மண் அணைத்துத் தண்ணீர் விடுவது. பெருமழை சொல்லியிருந்தால் இரண்டு நாள் தள்ளுவது.

அக்டோபர் 31, நவம்பர் 7. 100 செடி பார்ப்பது மட்டும். எண்ணை எழுதுவது.

நவம்பர் 11 (40ஆம் நாள்). 100 செடி பார்ப்பது. புதுச் சேதம் 10 செடிக்குக் கீழே என்றால் மருந்து இல்லை. 10 அல்லது மேலே என்றால் அன்று மாலை ஸ்பைனிடோரம் 11.7 எஸ்சி, டேங்குக்கு 8 மில்லி, 10 டேங்க் (7:05, க).

நவம்பர் 16 (45ஆம் நாள்). யூரியா 43 கிலோ (5:47, க).

டிசம்பர் 1 (60ஆம் நாள்) முதல். புழு தெரிந்தால் நாமாக அடிப்பதில்லை, அழைப்பது (9:20).

அடிக்கும் ஒவ்வொரு நாளும்: கையுறை, முழுக்கை, முகத்துக்குத் துணி. காற்றுக்கு எதிரே நடப்பதில்லை. நடுவில் வெற்றிலை, பீடி, சாப்பாடு இல்லை. காலி உறையை மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, உறையை ஓட்டை போட்டுவிடுவது. தலைசுற்றல், வாந்தி வந்தால் 108. லேபிளைக் கையோடு எடுத்துப் போவது. மாட்டுக்கு இலை ஒடிப்பது: கேட்ட பிறகு.

ஸ்பைனிடோரத்தின் 11.7 எஸ்சி என்பது பதிவில் இல்லை, நான் சேர்த்தது. லிட்டருக்கு 0.5 மில்லி என்பது அந்த வடிவத்துக்கான அளவு. அதனால் அந்த எண்ணையும் திரும்ப அழைக்கும்போது உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 24ஆம் தேதி வரியையும், யூரியா இடும் முறையையும், கடைசிப் பத்தியையும் நான்தான் எழுதினேன். தெளித்த மறுநாளே புழு அசைகிறதே என்று அப்பா பதறுவார். இந்த மருந்தில் புழு தின்பதைச் சில மணி நேரத்தில் நிறுத்திவிடும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் மூன்றாம் நாள் பார்ப்பது.

அறுபது நாளுக்கு மேல் அவர் அழைக்கச் சொன்னதும் சரியான அறிவுரைதான் என்பது என் அபிப்பிராயம். ஆண் பூ வெளிவந்த பிறகு புழு கதிருக்குள் போய்விடும், மருந்து அதைத் தொடாது, தேனீதான் சாகும். செலவுக்கு ஈடாகாது என்பதுதான் என் அனுபவம். கையால் பொறுக்குவது 80 சென்ட்டில் முடிகிற வேலை.

திரும்ப அழைக்க அதே எண், 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை. எடுப்பவர் வேறொருவராக இருப்பார், பழைய பேச்சு அவருக்குத் தெரியாது. அதனால் கதையைச் சொல்லாமல் தாளை வாசியுங்கள். பயிர், விதைத்த தேதி, பரப்பு, டேங்க் அளவு, எமாமெக்டின் 5 எஸ்ஜி பத்து லிட்டருக்கு நாலு கிராம், ஸ்பைனிடோரம் பத்து லிட்டருக்கு அஞ்சு எம்எல். "ஆமாம்" என்ற பதில் மட்டும் வாங்காதீர்கள், அவரையும் எண்ணைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். பிறகு மாட்டுத் தீவனம், காத்திருப்பு நாள், எஸ்சி சதவீதம் என்ற மூன்று கேள்வி.

தாளின் வலது ஓரத்தில் ஒரு பட்டையைக் காலியாக விடுங்கள். என்ன தேதியில் உண்மையில் என்ன அடித்தார், எத்தனை டேங்க் ஆனது, எண்ணியதில் எத்தனை செடி என்று அப்பா அதில் பேனாவால் எழுதட்டும். டிசம்பரில் அழைக்க வேண்டி வந்தால் எடுப்பவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.